பார்சல் மாறி வந்தா மெயில்ல என்ன எழுதணும்?

ஆன்லைன்ல வாங்கின பொருள் மாறி வந்தா, நிறைய பேர் சாட்ல போய் சண்டை போடுவோம். சாட் முடிஞ்சதும் கையில ஒண்ணும் மிஞ்சாது. மெயில் அப்படி இல்லை. தேதியோட நிக்கும்.

போன தீபாவளிக்கு நான் 750 வாட்ஸ் மிக்சி ஆர்டர் பண்ணேன். வந்தது 500 வாட்ஸ். வெளியில பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். மிக்சியைக் கவிழ்த்துப் பார்த்தாதான் அடியில இருக்கிற ஸ்டிக்கர்ல வாட்ஸும் சீரியல் நம்பரும் தெரியும்.

இங்கதான் சாட்சியம் முக்கியம். கம்பெனிக்கு வர்ற முதல் சந்தேகம், 'நீங்களே பழைய மிக்சியை மாத்தி வெச்சிருக்கலாமே' என்பது. அதனால மூணு போட்டோ எடுத்தேன். ஒண்ணு, முகவரி லேபிள் தெரியற மாதிரி பெட்டி. ரெண்டாவது, பெட்டி மேல இருந்த சீரியல் நம்பர். மூணாவது, மிக்சி அடியில இருந்த ஸ்டிக்கர். ரெண்டு இடத்துலயும் ஒரே சீரியல் நம்பர். அப்போ பொருள் என் வீட்டுல மாறலை, அங்கிருந்தே மாறி வந்திருக்கு. கூடவே 750 வாட்ஸ்னு போட்டிருந்த விற்பனைப் பக்கத்தையும் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டேன். அந்தப் பக்கத்தை அவங்க எப்ப வேணா மாத்தலாம் இல்லையா?

மெயில் தலைப்புல ஆர்டர் எண்ணும் பிரச்சினையும் போதும். உள்ளே நான் எழுதினது இவ்வளவுதான்:

"நான் ஆர்டர் செய்தது 750 வாட்ஸ் மிக்சி. நேற்று வந்தது 500 வாட்ஸ். பெட்டியிலும் மிக்சியிலும் ஒரே சீரியல் எண் உள்ளது. பில்லும் நான்கு படங்களும் இணைத்துள்ளேன். 7 நாளுக்குள் சரியான மிக்சியை அனுப்புங்கள். முடியாவிட்டால், நான் பணம் கட்டிய அதே கணக்குக்கு முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். பொருளை எடுத்துச் செல்லும் செலவு உங்களுடையது."

'அதே கணக்குக்கு'னு எழுதலைன்னா கூப்பனா, வாலட் பணமா தந்து முடிச்சிடப் பார்ப்பாங்க. கோபத்தை மெயில்ல எழுதாதீங்க. படிக்கிறவர் அதுக்குள்ள ஆர்டர் எண்ணைத் தேடிட்டு இருப்பார்.

வந்த முதல் பதில், 'பெட்டி பிரிக்கும்போது எடுத்த வீடியோ இல்லை, அதனால ரிட்டர்ன் கிடையாது.' வீடியோ இருந்தா நல்லதுதான். ஆனா 2020 இ-காமர்ஸ் நுகர்வோர் விதிகள்படி, விளம்பரத்துல சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப வாங்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. அதே மெயிலை குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பினேன். இவர் பெயரும் தொடர்பு விவரமும் தளத்துல இருக்கணும். 48 மணி நேரத்துல புகார் கிடைச்சதுனு சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும். எனக்கு ஆறாம் நாள் சரியான மிக்சி வந்தது.

பழசை எடுக்க வந்தவர்கிட்ட கொடுக்கும்போதும் ஒரு போட்டோ, ஒரு ரசீது வாங்கிக்கோங்க. அதுக்கப்புறமும் நகரலைன்னா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அவங்க பேசி முடிக்கப் பார்ப்பாங்க, உத்தரவு போட முடியாது. உத்தரவு வேணும்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். அங்கேயும் முதல்ல கேட்பது இந்த மெயிலைத்தான்.