வெறுத்தது வேலையையா, துறையையா?

வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றும்போது, விடவேண்டியது இந்த நிறுவனத்தையா, இந்தத் துறையையே தானா என்ற கேள்வியை நின்று கேட்பவர்கள் குறைவு. பணிச்சோர்வில் இருப்பவருக்கும், பொருந்தாத துறையில் மாட்டிக்கொண்டவருக்கும் காலையில் கிளம்பும்போது வருவது ஒரே மாதிரியான வெறுப்புதான். அதனால் வெறுப்பின் அளவை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

நியூயார்க்கில் இலவச மருத்துவ நிலையம் ஒன்றில் பணியாற்றிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், 1974-ல் இந்தச் சோர்வைப் பற்றி எழுதினார். அவர் கண்டது முக்கியமானது: அதிகம் சோர்ந்துபோனவர்கள் அக்கறையில்லாதவர்கள் அல்ல, மற்றவர்களைவிட ஈடுபாட்டோடு உழைத்தவர்கள். பின்னர் உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் இதற்கு மூன்று அடையாளங்களை வகுத்தார். உடலும் மனமும் வற்றிப்போவது ஒன்று. பணியிலிருந்தும் மனிதர்களிடமிருந்தும் விலகி, எரிச்சலோடு நடந்துகொள்வது இன்னொன்று. செய்வதில் பயனில்லை, தனக்குத் திறமையும் இல்லை என்ற நினைப்பு மூன்றாவது. குழப்பம் பிறப்பது இந்த மூன்றாவதில்தான். ‘எனக்கு இந்தத் துறை ஒத்துவரவில்லை’ என்று ஒருவர் சொல்லும்போது, அது துறையைப் பற்றிய தீர்ப்பாகவும் இருக்கலாம், சோர்வின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்யும் ஒரு செவிலியரை நினைத்துப் பார்க்கலாம். வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளி ஒருவருக்கு ஒரு செவிலியர் இருக்கவேண்டிய இடத்தில் அவர் மூவரைப் பார்க்கிறார். நைட் டூட்டி முடிந்த பிறகும், அடுத்தவர் வராததால் டபுள் டூட்டி. நோயாளியைப் பெயர் சொல்லி அழைத்தவர் இப்போது ‘ஏழாம் நம்பர் பெட்’ என்கிறார். நர்சிங்கே வேண்டாம், வங்கித் தேர்வு எழுதப்போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டார்.

இவரிடம் முதலில் கேட்கவேண்டியது பழைய காலத்தைப் பற்றி. வேலை ஓரளவு சீராக இருந்த மாதங்களில் எது பிடித்திருந்தது? கிடைக்காத நரம்பில் ஊசி ஏற்றியது, மருத்துவர் கவனிக்கும் முன்பே மூச்சின் மாற்றத்தைக் கண்டுபிடித்தது, குழாய் எடுத்த நோயாளி முதல் வார்த்தை பேசியது என்று சம்பவங்களாக அவர் சொன்னால், துறை பொருந்தியே இருந்திருக்கிறது. சம்பளம், சீருடை, வெளிநாட்டு வாய்ப்பு ஆகியவை மட்டுமே நினைவுக்கு வந்தால், சோர்வு வருவதற்கு முன்பே பொருத்தம் இல்லை என்று எண்ண இடமுண்டு.

இரண்டாவதாக, வெறுப்பு எதன்மேல் என்று பார்க்கவேண்டும். மாஸ்லாக்கும் அவருடைய சக ஆய்வாளர் மைக்கேல் லைட்டரும் பணிச்சோர்வின் மூலங்களை ஆறு இடங்களில் தேடச் சொன்னார்கள்: வேலைப்பளு, தன் வேலையில் தனக்கிருக்கும் அதிகாரம், வெகுமதி, சக ஊழியர் உறவு, நியாயம், மதிப்பீடுகள். அந்தச் செவிலியரின் புகார்கள் ஆள் பற்றாக்குறை, லீவு மறுப்பு, ஒருதலைப்பட்சமான டூட்டி பட்டியல் என்று போனால், அவை அந்த மருத்துவமனையின் குறைகள். வேறு மருத்துவமனையோ, வேறு பிரிவோ அவற்றை மாற்றக்கூடும். காயத்துக்குக் கட்டுப்போடுவதும், உறவினரிடம் பேசுவதும், ஒரு மனிதரின் வலியருகே நிற்பதும்தான் தாங்கவில்லை என்றால், எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அவை கூடவே வரும். மதிப்பீட்டு முரண் மட்டும் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தேவையற்ற பரிசோதனைகளை ஒரு மருத்துவமனை திணிப்பது வேறு, மருத்துவத் தொழிலின் அடிப்படையே மனதுக்கு ஒவ்வாதது வேறு.

மூன்றாவது சோதனை ஓய்வு. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நான்கு நாள் லீவில் தூக்கம்தான் தீரும். திரும்பும் முந்தைய இரவு பழைய பயம் வந்துவிடும். அதை வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது. சில வாரங்கள் சுமை உண்மையாகவே குறைந்த பிறகு பார்க்கவேண்டும். புதிய மருத்துவக் கருவி பற்றி யாராவது பேசினால் காது அந்தப் பக்கம் போகிறதா? பழைய சகாவிடம் ‘அந்த நோயாளி எப்படி இருக்கிறார்’ என்று கேட்கிறாரா? ஆர்வம் திரும்பினால் துறையை விடும் முடிவைத் தள்ளிப்போடலாம். உடல் நன்றாகத் தேறியும் அந்த வேலையின் நினைப்பே கசந்தால், அது வலுவான சாட்சி.

வேலை மட்டுமல்ல, பிடித்த பாட்டு, பிள்ளைகள், சாப்பாடு எதுவுமே சுவைக்கவில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அப்போது ராஜினாமாவுக்கு முன் மருத்துவரைப் பார்க்கவேண்டும். பணிச்சோர்வை உலக சுகாதார அமைப்பு 2019-ல் ஏற்ற வகைப்பாட்டில் நோயாகச் சேர்க்கவில்லை, பணியிடத்தைச் சார்ந்த நிகழ்வாகவே குறித்தது. மனச்சோர்வோ சிகிச்சை தேவைப்படும் நோய்.

முடிவெடுக்கும் வரிசையும் முக்கியம். டூட்டி குறைப்பு, பிரிவு மாற்றம், மருத்துவமனை மாற்றம், கடைசியாகத்தான் துறை மாற்றம். முன்னவை தோற்றால் திரும்பிவர முடியும், கடைசியானது தோற்றால் ஆண்டுகளும் பணமும் போகும். புது இடத்துக்குப் போகும்முன் அங்கே ஒரு செவிலியர் எத்தனை நோயாளிகளைப் பார்க்கிறார், மாதத்தில் எத்தனை நைட் டூட்டி என்பதை அங்கு வேலை செய்பவரிடமே கேட்கவேண்டும். கேட்காமல் போனால் அதே சோர்வு வேறு கட்டடத்தில் தொடரும். துறைதான் பொருந்தவில்லை என்று தெளிந்தவருக்கும் கற்றது வீணில்லை. நோயாளியருகே நிற்காமலேயே அந்த அறிவு பயன்படும் மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கை ஆய்வு, மெடிக்கல் கோடிங் போன்ற வேலைகளை, வங்கித் தேர்வுக்கு முன் அவர் ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம்.