முன்சக்கரத்தில் ஏறிய ஆணி

நினைவுச் சொற்பொழிவில் பஞ்சர் கடையைப் பற்றியா பேசுவது என்று சிலர் கேட்டார்கள். நம்மில் பலர் ஏதோ ஒரு பஞ்சர் கடையில் கடன் சொல்லிக் காற்றடித்துத்தான் பள்ளிக்கூடம் போனோம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறோம்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையோரம், ஒரு வேப்பமரத்தடி. சுவரும் இல்லை, கூரையும் இல்லை. ஒரு மரப்பெட்டி, கைப்பம்பு, டயர் கழற்றும் லீவர் இரண்டு, சில ஸ்பேனர்கள், உப்புத்தாள், சொலூஷன், ஒரு சட்டித் தண்ணீர். மில் ஷிப்டுக்குப் போகிறவர்களும் பால்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும்தான் வாடிக்கை. ஒருநாள் காலை முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தோம்.

கேன் கட்டிய சைக்கிளோடு ஒரு பால்காரர் வந்தார். அந்த வாரத்தில் மூன்றாவது முறையாகப் பின்சக்கரத்தில் காற்றில்லை. முதல் இரண்டு ஒட்டும் வேறு இடத்தில் போட்டவை. பெரியவர் காற்றடித்து வால்வின் வாயில் எச்சில் தொட்டு வைத்தார். குமிழ் வரவில்லை. அப்படியானால் வால்டியூப் கெடவில்லை. டயரை ஒருபக்கம் நெம்பி டியூபை உருவி, காற்றேற்றி, சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கினார். பழைய ஒட்டுகளுக்குப் பக்கத்திலேயே குமிழ் கிளம்பியது.

உடனே ஒட்டவில்லை. வால்வு இருக்கும் இடத்தை அடையாளம் வைத்து, ஓட்டைக்கு நேரே டயரின் உட்பக்கத்தை விரலால் தடவினார். சீமைக்கருவேல முள்ளின் நுனி. வெளியே கண்ணுக்குத் தெரியாமல் ஒடிந்து உள்ளேயே இருந்தது. குறடால் பிடுங்கிவிட்டுச் சொன்னார்: “முள்ளை எடுக்காம ஒட்டுனா நாளைக்கும் வருவாரு, காசுதான். ஆனா அதுக்கப்புறம் என்கிட்ட வரமாட்டாரு தம்பி.”

உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவி, பளபளப்பு மாறி விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்தார். ஈரத்தோடு ஒட்டினால் காற்றடித்ததும் பிரிந்துவிடுமாம். அவசரப்படுத்துகிறவர்களிடம் அவர் பேச்சே கொடுப்பதில்லை.

ஓட்டை ரிம் பக்கம் இருந்தால் போக்ஸ் கம்பியின் தலை குத்தியிருக்கும். இரண்டு கீறல் இணையாக இருந்தால் காற்றுக் குறைவாக, பாரத்தோடு பள்ளத்தில் இறக்கியிருப்பார்கள். ஓட்டையைப் பார்த்தே வந்த வழியைச் சொல்லிவிடுகிறார்.

இளவயதில் அவர் ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும். அந்தத் தெருக்காரர்களின் சைக்கிளும் இவரிடம்தான் வந்தது. “அவங்க டியூபை என் சட்டித் தண்ணியில முக்கலாம். நான் குடிக்கத் தண்ணி கேட்டா கையில ஊத்துவாங்க” என்றார். சாதி ஒதுக்கிக் கொடுத்த தொழில்களில் பஞ்சர் ஒட்டுவது இல்லை. அதனால்தான் நிலமில்லாதவர் கைக்கு அது வந்தது என்பது எங்கள் எண்ணம்.

2001-02இல் 11, 12ஆம் வகுப்புப் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கு அரசு சைக்கிள் தந்தது. பிறகு அத்திட்டம் மற்றவர்களுக்கும் விரிந்தது. இன்று பெரியவரின் பேத்தி அதே தெருவில் இறங்காமல் போகிறாள். போன மாதம் இரண்டு முறை அவள் சக்கரத்தில் ஆணி ஏறியது. தரையில் கிடக்கிற ஆணி பெரும்பாலும் பின்சக்கரத்தில்தான் ஏறும். முன்சக்கரம் அதைப் புரட்டி நிமிர்த்திவிடும். இவை இரண்டும் முன்சக்கரத்தில், நேர்குத்தாக ஏறியிருந்தன.

பெரியவர் அவற்றைத் தூக்கிப் போடவில்லை. சொலூஷன் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறார். பேத்தி இப்போதும் அந்தத் தெரு வழியாகத்தான் போகிறாள்.