ஒரு சுழியின் கதை

பாலையூற்றில் என் வீட்டுக்கு அவ்வப்போது வரும் இளைஞர் ஒருவர், தாம் எழுதிய சிறுகதை ஒன்றைக் காட்டினார். பத்திரிகை அலுவலகத்து இரவுப் பணியில் இருக்கும் உதவி ஆசிரியர் ஒருவர், அச்சேறப்போகும் பக்கத்தில் ஒரு பிழையான எண்ணைக் கண்டுபிடிக்கிறார். கதை அவ்வளவுதான். அக்கதை எப்படிச் சீர்பட்டது என்பதே இன்றைய பேச்சு.

1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சூறையாடிய சூறாவளியை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 900க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் பாதிக்கப்பட்டனர் என்றும், இரண்டரை இலட்சம் வீடுகள் சேதமுற்றன என்றும் கணக்குகள் வெளிவந்தன. கதை, அந்தக் கணக்கு கொழும்பிலுள்ள ஒரு தமிழ்ப் பத்திரிகையின் மேசைக்கு ஆங்கிலத்தில் வந்துசேரும் இரவில் நடக்கிறது.

உதவி ஆசிரியர் செய்தியைத் தமிழாக்குகிறார். வீடுகளின் தொகை ஆங்கிலத்தில் இலக்கத்தில் இருந்தது. சுழிகளை எண்ணி, இரண்டரை இலட்சம் என்று சரியாகவே எழுதிவிடுகிறார். மக்கள் தொகையோ 'ஒரு மில்லியன்' என்று எழுத்தில் இருந்தது. கண் 'ஒரு' என்பதைப் பிடித்துக்கொள்ள, கை 'ஓர் இலட்சம்' என்று எழுதிவிடுகிறது. மில்லியனில் எண்ணும் மொழியிலிருந்து இலட்சத்தில் எண்ணும் மொழிக்கு மாறும்போது இந்த வழுக்கல் எளிதில் நேரும். எழுத்துப்பிழையைப் போல இது கண்ணை உறுத்தாது. வாக்கியம் இலக்கணச் சுத்தமாகவே நிற்கும்.

முதற்பிரதியில் இளைஞர் எழுதியிருந்தது இதுதான்: நள்ளிரவில் உதவி ஆசிரியரின் நெஞ்சில் "ஏதோ ஒன்று நெருடியது", பிழை தெரிந்துவிட்டது.

"தம்பி, அந்த நெருடல் எனக்கு வரவில்லையே!" என்றேன். "எனக்கும் தெரியும்படி அவர் கண்டுபிடிக்க வேண்டும்."

"கதையில கணக்குப் போடலாமா சேர்?" என்று கேட்டார்.

"போடாவிட்டால் அவர் கண்டுபிடித்தார் என்று நான் ஏன் நம்பவேண்டும்?"

இரண்டு வாரம் கழித்துத் திருத்திய பிரதி வந்தது. இப்போது உதவி ஆசிரியர் பக்கப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசி முறையாக இலக்கங்களை மட்டும் வாசிக்கிறார். தலைப்பில் ஓர் இலட்சம் மக்கள். ஆறாம் வரியில் இரண்டரை இலட்சம் வீடுகள். ஒரு வீட்டில் அரை மனிதர்கூட இல்லையே! கிழக்கில் எந்த வீட்டில் அப்படி? வீட்டுக்கு நான்கு பேர் என்றாலே பத்து இலட்சம் வந்துவிடுகிறது.

இங்கே கதை நுட்பமாகிறது. இரண்டு எண்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதைத்தான் பெருக்கல் காட்டும். எது பிழை என்பதைக் காட்டாது. வீடுகள் இருபத்தையாயிரமாகவும் இருக்கலாம் அல்லவா? அதுவும் வீட்டுக்கு நான்கு பேர்தான். ஊகத்தில் திருத்தினால் சரியான எண்ணையே கெடுக்க நேரும். அவர் மேசை ஆணியில் குத்தியிருந்த தாள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மூலத்தைத் தேடி எடுக்கிறார். 'ஒரு மில்லியன்.' பக்கத்தில் இருக்கும் மொழிபெயர்ப்பு, தம் சொந்தக் கையெழுத்து.

அச்சுக்கூடத்துக்கு ஓடுகிறார். போர்மன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பக்கம் பூட்டியாச்சு தம்பி. லொறி வாசல்ல நிக்குது."

"அண்ணே, தலைப்பு பிழை. நான்தான் பிழையா எழுதினது."

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இக்கதை எனக்குப் பிடித்தது. அவர் பேசாதிருந்தால் அந்த இரவில் கேட்பார் எவருமில்லை. ஆனால் காலையில் அந்தப் பத்திரிகையை விரித்துப் பார்ப்பவர்களில், பாதிக்கப்பட்ட பத்துப் பேரில் ஒன்பது பேர் கணக்கிலிருந்தே காணாமற்போயிருப்பார்கள்.

தலைப்பில் இடமில்லை. 'ஓர்' என்பதைவிடப் 'பத்து' அகலம். இருவரும் ஈய எழுத்துகளைப் பார்த்தபடி நிற்கிறார்கள். பிறகு போர்மன் 'மக்கள்' என்ற சொல்லைக் கழற்றிவிட்டு, 'பேர்' என்று வைக்கிறார். வரி அடங்கிவிடுகிறது. உள்ளே செய்தியிலும் அதே தொகை வருகிறதா என்று உதவி ஆசிரியர் மறுபடி தேடுகிறார். மூன்றாம் வரியில் வருகிறது. அதையும் மாற்றுகிறார்கள். தலைப்பைத் திருத்திவிட்டுச் செய்தியை மறப்பது இத்தொழிலில் அடிக்கடி நிகழும் இன்னொரு பிழை.

முதற்பிரதியின் முடிவில் ஆசிரியர் அவரைத் தட்டிக்கொடுத்தார். புதிய பிரதியில் அது இல்லை. காலையில் தேநீர்க் கடையில் ஒருவர் பத்திரிகையை வாசித்துவிட்டு, "பத்து இலட்சமாம்!" என்று பெருமூச்சு விடுகிறார். பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் உதவி ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை.

அச்சாகிவிட்ட பிழைக்கு மறுநாள் ஒரு திருத்தம் வெளிவரும். அச்சாகாத பிழைக்குச் சாட்சியே கிடையாது. அந்தச் சாட்சியாக வாசகனை நிறுத்தியதுதான் இச்சிறுகதையின் வெற்றி. கணக்கை அவனும் போட்டுப் பார்த்திருக்கிறான். ஆகவே அந்த மௌனத்தின் பொருள் அவனுக்குத் தெரியும்.