ஒலியே முதற்சான்று: பொறி எழுதிய கூட்டப்படியைச் சரிபார்த்தல்



பினாங்கில் இயங்கும் சங்கங்கள், பள்ளிகள், பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஆகியவற்றின் கூட்டங்கள் இப்போது கைப்பேசியில் பதிவாகின்றன. பதிவைப் பொறியிடம் கொடுத்தால், சற்று நேரத்தில் எழுத்துப்படி வந்துவிடுகிறது. அதிலிருந்து செயலாளர் கூட்டக் குறிப்பை ஆக்குகிறார். அந்தப் படியில் உள்ள பெயர், தொகை, நாள் ஆகிய மூன்றையும் ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி என்பதே இன்றைய உரையின் பொருள். இது வெறும் அலுவலக வேலையன்று. தமிழின் ஒலியமைப்பும் சொல்லமைப்பும் அறிந்தவர் செம்மையாகச் செய்யத்தக்க மொழிவேலை.

ஏன் இந்த மூன்று? 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்படி, ஒரு சங்கம் தன் ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பவேண்டும். யார் பொருளாளர், கையிருப்பு எவ்வளவு, கூட்டம் எந்நாளில் நடந்தது என்பவற்றிற்கெல்லாம் கூட்டக் குறிப்பே ஆதாரம். கருத்து ஒன்று சற்றுத் திரிந்து எழுதப்பட்டால், படிப்பவர் அதைப் பொருளால் ஊகித்துக்கொள்வார். ஆனால் பெயரையும் எண்ணையும் ஊகிக்க இயலாது. 800 என்பது 90 என எழுதப்பட்டுவிட்டால், அது பிழை என்று சொல்ல அந்த வாக்கியத்தில் வேறெதுவும் இல்லை.

பொறியின் பிழை மனிதர் பிழையிலிருந்து வேறுபடுகிறது. தட்டச்சுச் செய்பவர் தவறினால் எழுத்து சிதையும்; சிதைந்த சொல் கண்ணில் படும். பொறியோ கேட்ட ஒலிக்கு மிக அண்மையில் உள்ள, தான் அடிக்கடி கண்ட சொல்லைத் தேர்ந்து எழுதுகிறது. ஆதலால் அதன் பிழை பெரும்பாலும் நல்ல சொல்லாகவும் நல்ல வாக்கியமாகவும் அமைந்துவிடுகிறது. 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு, விஸ்பர் என்னும் பொறி எழுதிய படிகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றில் எவரும் சொல்லாத முழுத் தொடர்களே இடம்பெற்றிருந்ததைக் காட்டியது. பேச்சில் நீண்ட இடைவெளி விழும்போது இத்தகைய பிழை மிகுந்தது. எனவே படியைப் படித்துப் பார்த்துத் திருத்துவது திருத்தமாகாது. கண்ணுக்கு நன்றாகத் தோன்றும் பிழையைச் செவிதான் பிடிக்கவேண்டும்.

முதலில் பெயர்களைக் காண்போம். தமிழ்ப் பெயர்களுள் பல, மொழியில் வழங்கும் பொதுச்சொற்களே: கலை, மணி, மலர், வெற்றி, அன்பு. உரோமன் எழுத்தில் பெயர் பெரிய எழுத்தில் தொடங்குவதால் தனித்துத் தெரியும். தமிழ் எழுத்தில் அந்த வேறுபாடு இல்லை. ஒரு கூட்டத்தில், ‘விளையாட்டு விழாவுக்குக் கலை பொறுப்பெடுத்துக்குவாங்க’ என்று ஒருவர் சொன்னதாகக் கொள்வோம். பொறி இதனை ‘விளையாட்டு விழாவுக்குக் கலைப் பொறுப்பு எடுத்துக்கொள்வார்கள்’ என்று எழுதக்கூடும். இடையில் ஒரு பகர ஒற்று மிகுந்தது. கலை என்னும் ஆசிரியை மறைந்து, கலை என்னும் துறை வந்துவிட்டது. பேச்சில் ‘வாங்க’ என்னும் ஈறு ஒருவரை மதித்துச் சொல்வதற்கும் பலரைக் குறிப்பதற்கும் பொதுவாதலால், வினைமுற்றும் இப்பிழையைக் காட்டிக்கொடுக்காது. விழாப் பொறுப்பாளர் யார் என்று பின்னர்த் தேடுவோர்க்குக் குறிப்பில் பெயரே அகப்படாது.

தலைப்பெழுத்துகள் மற்றோர் இடர். எம், என் ஆகிய இரண்டும் மூக்கொலியில் முடிவன. எஸ், எஃப் ஆகிய இரண்டும் உரசொலியில் முடிவன. ஒலிவாங்கிக்குத் தொலைவில் இருப்பவர் இவற்றைச் சொன்னால் வேறுபாடு மங்கிவிடும். ஒரே சங்கத்தில் எம். இராமசாமியும் என். இராமசாமியும் இருப்பது நம் ஊரில் அரிதன்று. இடப்பெயர்களும் அப்படியே. ஜார்ஜ்டவுனில் பினாங்கு ரோடும் பினாங்கு ஸ்ட்ரீட்டும் வெவ்வேறு தெருக்கள். தண்ணீர்மலைக் கோயில் என்றால் பாலதண்டாயுதபாணி கோயிலா, நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலா என்பது முன்பின் பேச்சைக் கேட்டாலன்றித் தெளிவாகாது.

அடுத்து எண்கள். எண்ணைப் பொறுத்தவரை பொறிக்கு இரண்டு வேலைகள் உண்டு: ஒலியைச் சொல்லாக்குவது ஒன்று, சொல்லை இலக்கமாக்குவது மற்றொன்று. பிழை இரண்டிடத்திலும் நேரலாம். எண்ணூறு, தொண்ணூறு என்னும் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதலசையை நீக்கினால் இரண்டும் ஒரே வகையாக ஒலிக்கின்றன. யாரேனும் இருமும்போதோ நாற்காலியை இழுக்கும்போதோ அந்த முதலசை மறைந்தால் 800க்கும் 90க்கும் ஒலியில் வேறுபாடு எஞ்சாது. தொண்ணூறு ‘நூறு’ என முடிந்தாலும் நூற்றுக்குக் கீழ்ப்பட்டது. தொள்ளாயிரம் ‘ஆயிரம்’ என முடிந்தாலும் ஆயிரத்துக்குக் கீழ்ப்பட்டது. இச்சொற்கள் வருமிடங்களை எப்போதும் இருமுறை கேட்கவேண்டும்.

இங்கே தமிழ் இலக்கணமே நமக்கு ஒரு கருவியைத் தருகிறது. ‘ஆயிரத்து ஐந்நூறு’ என்றால் 1,500. ‘ஆயிரம், ஐந்நூறு’ என்றால் 1,000உம் 500உமாகிய இரு தொகைகள். ‘ஆயிரத்து’ என்னும் திரிந்த வடிவம், எண் இன்னும் முடியவில்லை என்று அறிவிக்கிறது. ‘ஆயிரம்’ என்னும் திரியாத வடிவம், எண் முடிந்தது என்று அறிவிக்கிறது. பேச்சுவழக்கிலும் ‘நூத்தி அம்பது’, ‘நூறு அம்பது’ என இவ்வேறுபாடு நிலைத்திருக்கிறது. பொறி இலக்கமாக்கும்போது இந்த ஈறு அழிந்துபோகிறது. ஒலிப்பதிவில் அது அழியாமல் இருக்கிறது. ஆகவே தொகையைச் சரிபார்ப்பவர் ஈற்றைக் கேட்கவேண்டும். எண் எந்த மொழியில் சொல்லப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்ளவேண்டும். 15, 50 என்பன தமிழிலும் மலாயிலும் மயங்குவதில்லை. ஆங்கிலத்தில் ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ எனச் சொல்லும்போது மயங்குகின்றன.

இனி, தொகையும் நாளும் ஒன்றோடொன்று மயங்கும் ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம். மலேசியத் தமிழில் வெள்ளி என்பது ரிங்கிட்டையும் குறிக்கும், கிழமையையும் குறிக்கும். பயிற்சிக்காக ஒரு தொடரை அமைத்துக்கொள்வோம். 2026 நவம்பர் மாதத் தொடக்கத்தில் நடந்த கூட்டத்தில் ஒருவர், ‘எல்லாரும் இருபது வெள்ளி கட்டணும்’ என்கிறார். பொறி ‘அனைவரும் 20 ரிங்கிட் கட்டவேண்டும்’ என்று எழுதுகிறது. வாக்கியத்தில் குறையேதும் இல்லை. ஆனால் அவர் சொன்னது, 20ஆம் நாள் வெள்ளிக்கிழமை பணத்தைக் கட்டவேண்டும் என்பதாகவும் இருக்கலாம்.

முதலில் நாட்காட்டியைப் பார்க்கிறோம். 2026 நவம்பர் 20 வெள்ளிக்கிழமையே. ஆகவே இரு பொருளும் நிற்கின்றன. அதே பேச்சு அக்டோபரில் நிகழ்ந்திருந்தால், 20ஆம் நாள் செவ்வாய்க்கிழமை ஆதலால் அம்மாதத்தைப் பொறுத்தவரை கிழமைப் பொருள் விலகியிருக்கும். அடுத்து, அத்தொடருக்குப் பத்து நொடி முன்னிருந்து கேட்கிறோம். தொகையானால் ‘இருபது வெள்ளி’ ஒரே மூச்சில், ஒரே சொல்போல வரும். நாளானால் ‘இருபது’ என்பதன்பின் சிறு நிறுத்தம் விழுவதே இயல்பு. அதற்கு முன் பொருளாளர், ‘எப்பக் கட்டணும்?’ என்று கேட்டிருந்தால் ஐயம் முற்றும் நீங்கும். அந்த வினா படியிலும் இருக்கக்கூடும். ஆனால் வேறொருவர் பேச்சோடு ஒன்றி ஒலித்திருந்தால் பொறி அதை விட்டிருக்கும். இத்தனைக்குப் பிறகும் தெளிவு பிறக்காவிட்டால், சொன்னவரையே கேட்கவேண்டும்.

நாள் குறித்து இன்னும் ஒன்று. மலேசியாவில் நாளை முன்னும் மாதத்தைப் பின்னும் எழுதுகிறோம். பொறி அமெரிக்க முறைப்படி மாற்றி எழுதினால் மார்ச்சு 4, ஏப்ரல் 3 ஆகிவிடும். ஆதலால் கூட்டக் குறிப்பில் மாதத்தை எப்போதும் சொல்லால் எழுதி, கிழமையையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். கிழமை பொருந்தாவிட்டால் நாள் பிழை என்பது உடனே புலப்படும்.

வேலையின் வரிசை இதுவே. முதலில் பதிவைத் தொடக்கமுதல் இறுதிவரை ஒருமுறை நிறுத்தாமல் கேட்டு, பெயர், எண், நாள் வருமிடங்களைப் படியில் குறியிடவேண்டும். படியிலிருந்து மட்டும் பட்டியல் எடுத்தால், ‘கலை’ போல மறைந்த பெயர்கள் பட்டியலுக்கு வராமலே போய்விடும். பிறகு ஒவ்வொரு குறிக்கும் சென்று, படியை மூடிவைத்துவிட்டு, விரைவைக் குறைத்துக் கேட்டு, கேட்டதைத் தனித்தாளில் எழுதவேண்டும். அதன்பின்பே படியோடு ஒப்பிடவேண்டும். எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால், எழுதியிருப்பதே காதில் விழும்; இது செவியின் இயல்பு. ஒரு மணி நேரப் பதிவில் 60 குறிகள் இருந்து, குறிக்கு ஒரு நிமிடம் ஆனால், முதற்கேட்பையும் சேர்த்து இரண்டு மணி நேரம் வேண்டும். கேட்க இயலாத இடத்தில் ஊகித்து எழுதாமல், ‘தெளிவில்லை, 00:41:12’ என்று நேரத்தோடு குறிக்கவேண்டும்.

மூன்றாவதாக, வருகைப் பட்டியல், பற்றுச்சீட்டு, நாட்காட்டி ஆகியவற்றோடு ஒப்பிடவேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பேசியவர் உண்மையிலேயே 1,500 என்று சொல்லியிருக்க, பற்றுச்சீட்டு 1,050 என்று காட்டினால், பிழை பொறியுடையதன்று, பேசியவருடையது. அதைச் செயலாளர் தாமாக மாற்றிவிடக்கூடாது. பேசியவரிடம் காட்டி, அவர் ஒப்புக்கொண்டால், ‘கூட்டத்தில் 1,500 எனக் கூறப்பட்டது, பற்றுச்சீட்டின்படி 1,050’ என இரண்டையும் பதியவேண்டும். ஒலி, என்ன சொல்லப்பட்டது என்பதற்குச் சான்று; பற்றுச்சீட்டு, எவ்வளவு செலுத்தப்பட்டது என்பதற்குச் சான்று. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தல் ஆகாது.

பெரிய மன்றங்களும் இவ்வாறே செய்கின்றன. இந்திய உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரி 21 அன்று வாதங்களைப் பொறியால் எழுத்தாக்கத் தொடங்கியபோது, அப்படிகளை வழக்குரைஞர்கள் சரிபார்ப்பதற்கும் வழிசெய்தது. சொன்னவரே தம் சொல்லைச் சரிபார்க்கிறார் என்பதே அதன் அடிப்படை. நம் நாடாளுமன்றத்தின் விவாதப் படிகளிலும், ‘நஸ்கா பெலும் டிசெமாக்’, அதாவது ‘சரிபார்க்கப்படாத படி’ என்ற குறிப்பைக் காணலாம். நம் சங்கங்களும் பொறி தந்த படியின் ஒவ்வொரு பக்கத்திலும் அச்சொல்லை இடலாம். அடுத்த கூட்டத்தில் குறிப்பு உறுதிப்படுத்தப்படும் வரை ஒலிப்பதிவை அழிக்காமல் வைத்திருக்கவேண்டும். குறிப்பின்மேல் ஐயம் எழுமானால், திரும்பிச் சென்று கேட்பதற்கு அது ஒன்றே எஞ்சியிருக்கும்.