தொழிலாளர் மனதில் உள்ள பாதுகாப்பு: கேட்பதும், கேட்டபின் செய்வதும்

தொழிற்சாலை வாசலில் ஒரு பலகை பார்த்திருப்பீர்கள். "விபத்தில்லா நாட்கள்: 212" என்று எழுதியிருக்கும். அந்த எண் பொய்யில்லை. ஆனால் 213-ஆம் நாள் என்ன நடக்கும் என்று அது சொல்லாது. அந்தப் பலகையைக் கெடுக்கக் கூடாது என்பதற்காகவே சின்னக் காயத்தை யாரும் பதிவு செய்யாமல் விடுவதும் உண்டு.

நடக்கப் போவதை ஓரளவு முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு வழி, வேலை செய்பவரிடமே கேட்பது. "இங்கே பாதுகாப்பு முக்கியமா, உற்பத்தி முக்கியமா? உங்கள் மேற்பார்வையாளர் எதைப் பார்த்துப் பாராட்டுகிறார்?" இதற்கு எல்லோரும் சேர்ந்து தரும் பதிலைத்தான் பாதுகாப்புச் சூழல், 'சேஃப்டி கிளைமேட்', என்கிறார்கள். 1980-இல் இஸ்ரேலில் டோவ் ஸோஹர் என்ற ஆய்வாளர் 20 தொழிற்சாலைகளில் இதை வினாத்தாள் வைத்து அளந்தார். இன்று பரவலாகப் பயன்படுவது நார்டிக் நாடுகளின் ஆய்வாளர்கள் உருவாக்கிய 50 வாக்கியங்கள் கொண்ட வினாத்தாள். இணையத்தில் NOSACQ-50 என்று தேடினால் கிடைக்கும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'சற்றும் ஏற்கவில்லை' என்பதற்கு 1, 'முழுமையாக ஏற்கிறேன்' என்பதற்கு 4. நடுவில் 'தெரியாது' என்று ஒதுங்க இடமில்லை.

சில வாக்கியங்கள் வேண்டுமென்றே தலைகீழாக இருக்கும். "தண்டனைக்குப் பயந்து இங்கே யாரும் நியர் மிஸ் பற்றிச் சொல்வதில்லை" என்ற மாதிரி. அதை ஏற்றால் அது கெட்ட செய்திதானே? அதனால் கணக்குப் போடும்போது 5-லிருந்து கழிக்க வேண்டும்: 4 போட்டிருந்தால் 1 ஆகும். இதை மறந்துவிட்டுச் சராசரி எடுத்தால் முடிவே மாறிவிடும். இன்னொரு பயனும் உண்டு. நேர் வாக்கியம், தலைகீழ் வாக்கியம் இரண்டுக்கும் ஒருவர் வரிசையாக 4 போட்டிருந்தால் அவர் படிக்காமல் போட்டிருக்கிறார், அல்லது பயந்து போட்டிருக்கிறார். அப்படிப்பட்ட தாள்கள் நிறைய வந்தால் மதிப்பெண்ணை நம்பாதீங்க. பயம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்க.

பயத்துக்குக் காரணம் சில சமயம் நம் கைப்பேசியிலேயே இருக்கும். கூகுள் படிவத்தில் கேள்வி அனுப்புகிறீர்கள் என்றால், அமைப்புகளில் Collect email addresses என்பது 'வேண்டாம்' நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். Limit to 1 response என்பதைப் போட்டால் பதில் சொல்பவர் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும். மின்னஞ்சல் உங்களுக்குத் தெரியாதுதான், ஆனால் அவருக்கு நம்பிக்கை போய்விடும். ஷிஃப்ட் எது என்பதைக் கேளுங்கள். வயது, பதவி, பிரிவு, சேர்ந்த வருடம் என்று அத்தனையும் கேட்டால், பெயர் இல்லாமலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். 10 பேருக்குக் குறைவான குழுவின் மதிப்பெண்ணைத் தனியாக வெளியிட வேண்டாம் என்பது என் கருத்து. ஒப்பந்தத் தொழிலாளரை விட்டுவிடவே கூடாது; ஆபத்தான வேலை பெரும்பாலும் அவர்கள் கையில்தான். தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டலாம், ஆனால் வாசிப்பவர் அவருடைய மேற்பார்வையாளராக இருக்கக் கூடாது.

இப்போது ஒரு கணக்கு போடுவோம். பவர் பிரஸ் ஓடும் பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பகல் ஷிஃப்டில் 36 பேர், இரவில் 24 பேர், மேற்பார்வையாளர்கள் 6 பேர். "விபத்து நடந்தால் நிர்வாகம் காரணத்தைத் தேடுகிறதா, ஆளைத் தேடுகிறதா" என்ற பகுதியில் பகல் 3.1, இரவு 2.3, மேற்பார்வையாளர்கள் 3.5 என்று வருகிறது. 66 பேரையும் சேர்த்தால் சுமார் 2.85. அந்த வினாத்தாளின் வழிகாட்டுதலில் 3.30-க்கு மேல் நல்ல நிலை, 2.70-க்குக் கீழே இருந்தால் பெரிய அளவில் சரிசெய்ய வேண்டும். 2.85-ஐ மட்டும் பார்த்தால், "கொஞ்சம் குறைவு, பார்த்துக்கலாம்" என்று தோன்றும். இரவு ஷிஃப்டின் 2.3 அந்தச் சராசரிக்குள் ஒளிந்துகொள்கிறது. மேற்பார்வையாளருக்கும் இரவுத் தொழிலாளருக்கும் நடுவே 1.2 இடைவெளி. என்னைக் கேட்டால், முதலில் பேச வேண்டியது இந்த இடைவெளியைத்தான்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். முடிவு வந்ததும் முதல் கேள்வி, "நைட் ஷிஃப்டில் யாரு இப்படி எழுதினது?" இரண்டாவது கேள்வி, "அந்த ஷிஃப்ட் சூப்பர்வைசர் யாரு?" இந்த இரண்டில் ஒன்றைக் கேட்டாலும் அடுத்த வருடம் எல்லோரும் 4 போட்டுத் தருவார்கள். அதோடு அளவீடு செத்தது.

அதற்குப் பதிலாக இரண்டு வாரத்துக்குள் மதிப்பெண்ணை அந்த இரவு ஷிஃப்டிடமே எடுத்துப் போங்கள், வேலை நேரத்திலேயே. "2.3 வந்திருக்கு. ஏன் இப்படி வந்திருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். "நீங்க ஏன் அப்படிப் போட்டீங்க" என்று கேட்காதீர்கள். மேலாளர் இல்லாமல், பாதுகாப்புக் குழுவில் உள்ள தொழிலாளர் பிரதிநிதி கூட்டத்தை நடத்தினால் பேச்சு வரும். நம் பட்டறையில் வெளியே வருவது இப்படி இருக்கும்: இரவில் ஃபிட்டர் கிடையாது. டையில் துண்டு சிக்கினால், காலை வரை மெஷினை நிறுத்தினால் டார்கெட் போச்சு. அதனால் இரண்டு கை பட்டன்களில் ஒன்றை அழுத்தியபடி கட்டி வைத்துவிட்டு, மற்ற கையால் துண்டை எடுக்கிறார்கள். போன தடவை ஒருவர் விரல் தப்பியதை நியர் மிஸ் படிவத்தில் எழுதினார். மறுநாள் அவருக்கே மெமோ. அதற்குப் பிறகு யார் எழுதுவார்கள்?

பட்டனைக் கட்டினவரைத் தண்டித்தால் நாளை இன்னொருவர் கட்டுவார், ஏனென்றால் ஃபிட்டர் இன்னும் வரவில்லை. செய்ய வேண்டியவை வேறு. இரவுக்கு ஒரு ஃபிட்டர், அல்லது அழைத்தால் அரை மணியில் வருகிற ஏற்பாடு. துண்டை எடுக்க நீளமான இடுக்கி. ஒரு பட்டன் அழுத்தியபடியே இருந்தால் பிரஸ் இறங்காதபடி கன்ட்ரோலை மாற்றுவது. நியர் மிஸ் எழுதியவருக்கு மெமோ கிடையாது என்று கையெழுத்திட்ட சுற்றறிக்கை. ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். செலவு குறைந்த இடுக்கி முதல் வாரத்திலேயே வந்தால், மற்றதும் வரும் என்று நம்புவார்கள். முடியாதது இருந்தால் முடியாது என்றும் ஏன் என்றும் அதே பலகையில் எழுதிவிடுங்கள்.

"அப்போ குடித்துவிட்டு வருபவனையும் விட்டுவிடுவதா?" என்று கேட்பார்கள். இல்லை. அது ஒழுங்கு நடவடிக்கைக்கான விஷயம், அதற்குத் தனி வழி இருக்கிறது. கருத்துக்கணிப்பில் வந்த தகவலை மட்டும் அந்தக் கோப்பில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது மனதில் இருப்பதை அளப்பது. காற்றில் எவ்வளவு தூசி, பிரஸ்ஸின் பிரேக் நிற்கிறதா என்பதை இது சொல்லாது. ஆபத்து இருப்பதே தெரியாதவர் நல்ல மதிப்பெண்தான் தருவார். அதனால் ஆய்வும் பராமரிப்பும் வழக்கம்போல நடக்க வேண்டும்.

ஒரு வருடம் கழித்து அதே கேள்விகளை, அதே ஷிஃப்ட் பிரிவில் மறுபடி கேளுங்கள். நடுவில் நியர் மிஸ் படிவங்கள் கூடினால் பயப்படாதீங்க. மாதம் ஒன்றுகூட வராத இடத்தில் ஏழெட்டு வந்தால், முன்பு நடக்காதது இப்போது நடக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தமில்லை. முன்பு எழுதாததை இப்போது எழுதுகிறார்கள். காயங்களும் சேர்ந்து கூடுகிறதா என்று பார்த்து அதை உறுதி செய்துகொள்ளலாம். இரவு ஷிஃப்டின் 2.3 ஒரே வருடத்தில் 2.7-ஐத் தாண்டினாலே நல்ல முன்னேற்றம். நேராக 3.9-க்குத் தாவியிருந்தால் தாள்களை எடுத்துத் தலைகீழ் வாக்கியங்களைப் பாருங்கள்.