ஒரு ஜாப் கார்டின் தேதி: என் ஸ்கூட்டர் பேட்டரி வாரண்டி கதை

(காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் வளாகத்தில் மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் அதிகமாகிவிட்டதால், என் பேட்டரி விவகாரத்தை இங்கே சொல்லும்படி செயலாளர் கேட்டார். கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. யார் பெயரையும் கெடுப்பதற்காக நான் பேச வரவில்லை. என்ன நடந்தது, எந்தக் காகிதம் கை கொடுத்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

வண்டியை 2022 ஜூலையில் வாங்கினேன். பேட்டரி 3 கிலோவாட் மணி. வாரண்டி மூன்று வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர், எது முன்னால் வருகிறதோ அது. முழு சார்ஜில் 90 கிலோமீட்டர் போய்க்கொண்டிருந்த வண்டி, 2024 அக்டோபரில் 45-ஐத் தாண்டவில்லை. அதைவிட மோசம், திரையில் 30 சதவீதம் காட்டும்போதே திடீரென்று நின்றுவிடும். ஒரு நாள் என் மனைவி மேம்பாலத்தின் நடுவில், பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கும்போது நின்றுவிட்டார். அன்றைக்கே வண்டியை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம்.

மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு, நவம்பரில் பதில் சொன்னார்கள்: "பேட்டரியில் உற்பத்திக் குறை இல்லை. முறையற்ற பயன்பாடு. வாரண்டி பொருந்தாது." புதிய பேட்டரிக்கு 68,000 ரூபாய். காரணமாகச் சொன்னவை மூன்று. 612 முறை சார்ஜ் செய்திருக்கிறோம், அது மிக அதிகம். அடுக்குமாடியில் முறையான பிளக் இல்லாமல் சார்ஜ் செய்திருக்கலாம். ஒரு முறை பேட்டரியை அறவே காலியாக விட்டிருக்கிறோம்.

வண்டியைத் திரும்ப எடுக்கப் போனபோது கையெழுத்துப் போடச் சொன்ன ஜாப் கார்டில் சின்ன எழுத்தில் ஒரு வரி அச்சாகியிருந்தது: தவறான பயன்பாடு பற்றி வாடிக்கையாளருக்கு விளக்கப்பட்டது, ஒப்புக்கொண்டார். நான் பேனாவை எடுத்துவிட்டேன். மனைவிதான் கையைப் பிடித்தார். அந்த வரிக்குப் பக்கத்தில், "இதை ஏற்கவில்லை; வண்டியைப் பெற்றுக்கொண்டதற்கு மட்டும் கையெழுத்து" என்று எழுதி, தேதி போட்டு, படம் எடுத்துக்கொண்ட பிறகே கையெழுத்திட்டேன். அதை எழுதாமல் போட்டிருந்தால் மீதிக் கதையே இருந்திருக்காது.

வீட்டுக்கு வந்து கோபத்தில் ஒரு கடிதம் எழுதினேன். மூன்று பக்கம். அடுத்த நாள் படித்துப் பார்த்தால் அதில் கோபத்தைத் தவிர ஒன்றும் இல்லை. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, வண்டி வாங்கியதிலிருந்து வந்த எல்லா ஜாப் கார்டுகளையும் தேதி வரிசையில் அடுக்கினேன். வாட்ஸ்அப்பில் வந்தவை, மெயிலில் வந்தவை, சீட்டுக்கு அடியில் மடித்துக் கிடந்தவை எல்லாம் சேர்த்து ஏழு. அவர்கள் சொன்ன மூன்று காரணங்களையும் அதற்கு எதிரே வைத்துப் பார்த்தேன்.

முதலில் அந்த 612. அது பிளக்கைச் செருகிய எண்ணிக்கை. பேட்டரியின் ஆயுளைக் கணக்கிடுவது முழுச் சுழற்சிகளை வைத்து. பாதி சார்ஜ் இரண்டு முறை செய்தால்தான் ஒரு சுழற்சி. வண்டி ஓடியது 21,300 கிலோமீட்டர். முழு சார்ஜுக்கு 90 கிலோமீட்டர் என்று வைத்து வகுத்தால் ஏறத்தாழ 240 சுழற்சி. தினம் 26 கிலோமீட்டர் ஓட்டி, நாலு நாளில் மூன்று நாள் செருகியிருக்கிறோம். இதில் அதிகப்படியான பயன்பாடு எங்கே இருக்கிறது? வாரண்டியே 40,000 கிலோமீட்டர் வரை கொடுத்திருக்கிறார்கள். அதில் பாதியைச் சற்றுத் தாண்டியதற்கே பேட்டரி தேய்ந்துவிட்டது என்றால் அது பேட்டரியின் குறைதானே.

இரண்டாவது, பிளக். இதற்கு நம் சங்கம்தான் உதவியது. என் வீட்டு மீட்டரிலிருந்து தனி ஒயர், தனி எம்.சி.பி., 15 ஆம்ப் பிளக், சப் மீட்டர் என்று 2022 ஆகஸ்டில் சங்கத்தின் அனுமதியோடு போட்டது. அப்போது சப் மீட்டர் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, 18 சதவீதத்திலிருந்து முழுதாகச் சார்ஜ் செய்து, 2.8 யூனிட் ஏறியது என்று செயலாளருக்கு ஒரு மெயில் அனுப்பியிருந்தேன். அதை நான் மறந்தே போயிருந்தேன். நவம்பரில் அதே சோதனையைத் திரும்பச் செய்தேன். 18 சதவீதத்திலிருந்து முழுதாக ஏற 1.5 யூனிட்தான் போனது. அதாவது பேட்டரி கொள்ளும் மின்சாரம் பாதியளவுக்குக் குறைந்துவிட்டது. இதைச் சொல்வது அவர்கள் திரையும் இல்லை, என் வாயும் இல்லை. சுவரில் இருக்கிற மீட்டர். முதலும் கடைசியுமான ரீடிங்கைத் தேதியோடு படம் எடுத்து வைத்தேன்.

மூன்றாவது காரணம்தான் கஷ்டமானது, ஏனென்றால் அதில் உண்மை இருந்தது. 2024 மே மாதம் 19 நாள் திருநெல்வேலி போயிருந்தோம். வண்டியை 8 சதவீதத்தில் விட்டுப் போனது என் தப்பு. திரும்பி வந்தபோது 3 சதவீதம். கையேட்டில் அப்படி விடக்கூடாது என்று போட்டிருக்கிறது. அவர்கள் பதிவிலும் அது இருக்கிறது.

இங்கே பேட்டரி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். என் பேட்டரிக்குள் 14 செல் தொகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கின்றன. பதினான்கு பேர் கைகோத்து நடப்பதைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கால் இடறி உட்கார்ந்தால் மற்ற பதின்மூன்று பேரும் நின்றாக வேண்டும். பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகை, ஒரே ஒரு தொகுதி குறைந்தபட்ச வோல்டேஜைத் தொட்டாலும் மொத்தத்தையும் நிறுத்திவிடும். அதனால்தான் திரையில் 30 சதவீதம் இருக்கும்போதே வண்டி நிற்கிறது.

அக்டோபரில் சர்வீஸ் சென்டரில் ஒரு இளைஞர் லேப்டாப்பை இணைத்துப் பார்த்தபோது, அவர் அனுமதியோடு திரையைப் படம் எடுத்திருந்தேன். பதின்மூன்று தொகுதிகள் 3.58 முதல் 3.61 வோல்ட்டுக்குள். ஒன்பதாவது தொகுதி மட்டும் 3.21. பதினான்கும் ஒரே சாலையில் ஓடியவை, ஒரே சார்ஜரில் ஏறியவை, ஒரே வெயிலில் நின்றவை. நாங்கள் ஓட்டிய விதம்தான் காரணம் என்றால் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகத் தளர்ந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் விழுந்தால் கோளாறு அந்த இடத்தில்தான்: செல்லிலோ, வெல்டிங்கிலோ, தொகுதிகளைச் சமன்படுத்தும் பலகையிலோ. அடிபட்டாலோ தண்ணீர் புகுந்தாலோ கூட ஒன்று மட்டும் கெடலாம்; ஆனால் அவர்கள் ஜாப் கார்டிலேயே "வெளிச் சேதம் இல்லை, நீர் புகவில்லை" என்று எழுதியிருந்தார்கள்.

ஆனாலும் அவர்கள், "நீங்கள் காலியாக விட்டதில்தான் பலவீனமான தொகுதி கெட்டது" என்று சொல்ல முடியும். அதற்கு நான் என்ன பதில் சொல்வது என்று இரண்டு நாள் தெரியவில்லை. பதில், அடுக்கிய காகிதத்தில் நாலாவதாக இருந்தது. 2024 மார்ச், 16,200 கிலோமீட்டர் சர்வீஸ் ஜாப் கார்டு. வாடிக்கையாளர் புகார் என்ற கட்டத்தில் பேனாவால் எழுதியிருந்தது: "ஓட்டும் தூரம் குறைகிறது. 35 சதவீதத்திலிருந்து திடீரென 12-க்கு இறங்குகிறது." செய்த வேலை: மென்பொருள் அப்டேட்.

மார்ச் மாதம் புகார். மே மாதம் திருநெல்வேலி. வண்டியைக் காலியாக விடுவதற்கு இரண்டு மாதம் முன்பே நோய் தெரிந்திருக்கிறது; அவர்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. கம்பெனி ஆப்பில் அதே தேதியைத் திறந்து பார்த்தால் "பீரியாடிக் சர்வீஸ்" என்று மட்டும்தான் காட்டியது. என் புகார் அதில் ஏறவே இல்லை. காகிதத்தை நான் தூக்கிப் போட்டிருந்தால் மார்ச் மாதம் நான் ஒன்றுமே சொல்லவில்லை என்று ஆகியிருக்கும்.

டிசம்பர் 2-ஆம் தேதி கடிதம் அனுப்பினேன். ஒன்றரைப் பக்கம். முதல் பத்தியில் வண்டி எண், சேசிஸ் எண், பேட்டரி எண், வாங்கிய தேதி, ஓடிய தூரம், வாரண்டி முடியும் தேதி. அடுத்து ஏழு ஜாப் கார்டுகளின் அட்டவணை: தேதி, கிலோமீட்டர், நான் சொன்ன புகார், அவர்கள் செய்த வேலை. பிறகு அவர்களின் மூன்று காரணங்களுக்கும் ஒவ்வொரு பத்தி. மே மாதத் தப்பை நானே எழுதினேன். அவர்கள் கண்டுபிடித்துச் சொல்வதைவிட நானே சொல்லி, அதற்கு மேலே மார்ச் தேதியை வைப்பதுதான் சரி என்று பட்டது. கடைசியில் கேட்டது இதுதான்:

"வாரண்டியின் எந்த விதியின்படி மறுக்கிறீர்கள் என்பதையும், 14 தொகுதிகளின் வோல்டேஜ் அறிக்கையையும் எழுத்தில் தரவும். ஒன்பதாவது தொகுதி மட்டும் தாழ்ந்திருப்பதற்கு எந்தப் பயன்பாடு காரணம் என்று விளக்கவும். இயலாவிட்டால் பேட்டரியை வாரண்டியில் மாற்றித் தரவும். 15 நாட்களில் பதில் எதிர்பார்க்கிறேன்."

டீலருக்கு ஒன்று, கம்பெனித் தலைமையகத்துக்கு ஒன்று, இரண்டும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில். அதே பிரதி மெயிலிலும்.

பன்னிரண்டாம் நாள் போன் வந்தது. "நல்லெண்ண அடிப்படையில்" புதிய பேட்டரிக்கு 40 சதவீதத் தள்ளுபடி என்றார்கள். உண்மையைச் சொன்னால் சபலம் வந்தது. மெயிலில் அனுப்பச் சொன்னேன். வந்த படிவத்தில், பழுது வாரண்டிக்கு உட்பட்டதல்ல என்று நான் ஏற்பதாக ஒரு வரி இருந்தது. மறுத்து, கடிதத்துக்கு எழுத்தில் பதில் வேண்டும் என்று திரும்ப எழுதினேன். அதன் பிறகு பேட்டரியை மறு ஆய்வுக்கு எடுத்துப் போனார்கள். 2025 ஜனவரி மூன்றாம் வாரம் இலவசமாக வேறு பேட்டரி போட்டுத் தந்தார்கள். "ஒன்பதாவது தொகுதி பழுது" என்று ஜாப் கார்டில் ஒரே வரி. அதற்கு மேல் விளக்கம் இல்லை.

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். மாற்றித் தந்த பேட்டரிக்குப் புதிய வாரண்டி கிடையாது. பழைய வாரண்டியில் மீதியிருந்த ஆறு மாதம்தான். நீட்டிக்கக் கேட்டேன், விதியைக் காட்டிவிட்டார்கள். அந்த விதி நிஜமாகவே அப்படித்தான் இருந்தது.

பதில் வராமல் போயிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம். எங்கே போனாலும் இதே கடிதமும் இதே ஏழு ஜாப் கார்டுகளும்தான் முதல் ஆவணம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பார்க்கிங் சப் மீட்டர் கணக்கு நோட்டை ஒவ்வொரு வருடமும் பழைய பேப்பரோடு போட்டுவிடுகிறோம். அதை மூன்று வருடமாவது வைத்திருப்போம். புதிதாகச் சப் மீட்டர் போடுபவர்கள், முதல் மாதத்திலேயே ஒரு முழுச் சார்ஜுக்கு எத்தனை யூனிட் ஏறியது என்று பார்த்து அலுவலக மெயிலுக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு வரி போதும். எனக்கு அந்த ஒரு வரி தற்செயலாகக் கிடைத்தது.