ஒரே போட்டோ, பன்னிரண்டு டிரெஸ், ஒரு பேக்பேக்

ஒரு சின்ன பேக்ல நாலு நாள் டிரெஸ்ஸை எப்படி அடக்குறதுன்னு இன்னைக்குப் பேசப் போறோம். உதாரணம் என்னோட ட்ரிப்தான். சேலத்துல கிளம்பி நாமக்கல்ல மாமா பேத்திக்குக் காதுகுத்து, அங்கிருந்து அக்காவோட பைக்ல கொல்லிமலை. கீழே ஏப்ரல் வெயில், மேலே ராத்திரி குளிர், நடுவுல 70 கொண்டை ஊசி வளைவு. ஆளுக்கு ஒரு பேக்தான்.

நம்ம முழு உயர போட்டோ ஒண்ணு, டிரெஸ் போட்டோ ஒண்ணு கொடுத்தா, நாம அதைப் போட்ட மாதிரி படம் காட்டுற ட்ரை-ஆன் ஆப் இப்போ நிறைய இருக்கு. அதுல ஒரு தடவை நான் நல்லா ஏமாந்தேன். போன டிசம்பர் ஏற்காடு போறப்போ, படத்துல கச்சிதமா இருந்த ஒரு புது பேன்ட்டை நம்பி அதை மட்டும் எடுத்துட்டுப் போனேன். தொடையில அவ்ளோ டைட். பைக்ல காலைத் தூக்கிப் போடவே முடியல. காரணம் ரொம்ப சிம்பிள். ஆப்புக்கு சைஸ் தெரியாது. M கொடுத்தாலும் XL கொடுத்தாலும், துணியை நம்ம உடம்பு அளவுக்கு அதுவே பொருத்தி வரைஞ்சிடும். நிறமும் டிசைனும் சேருதான்னு பார்க்க அந்தப் படம் போதும். அளவு பார்க்க ஆகாது.

அதனால இந்தத் தடவை முதல்ல ஆப்பையே டெஸ்ட் பண்ணேன். காலையில வராண்டா நிழல்ல, வெறும் சுவர் முன்னாடி, உடம்பை ஒட்டின டிரெஸ்ல நின்னேன். தலை முதல் செருப்பு வரைக்கும் தெரியணும், கை உடம்போட ஒட்டக் கூடாது. போன் இடுப்பு உயரத்துல, சுமார் மூணு மீட்டர் தள்ளி. 0.5x லென்ஸ் வேண்டாம், உடம்போட அளவுகளையே இழுத்துக் காட்டும். அப்புறம் என் மஞ்சள் ஷார்ட் குர்தியை நிஜமாவே போட்டு அதே இடத்துல இன்னொரு படம். ஆப் வரைஞ்ச மஞ்சள் குர்தியைப் பக்கத்துல வெச்சுப் பார்த்தா, நிறம் ஓகே, ஆனா நீளம் ஒரு சாண் அதிகம்! இடுப்புல முடியற குர்தி பாதித் தொடை வரைக்கும் இறங்கியிருந்துச்சு. அதோட அந்த ஆப் காட்டுற நீளத்தை நம்புறதை விட்டுட்டேன்.

இன்னொரு தப்பும் நிறைய பேர் பண்றோம். ஒரு படம் வந்ததும், அது மேலேயே அடுத்த டிரெஸ்ஸை மாட்டுவோம். நாலாவது படத்துல இடுப்பு மெலிஞ்சு, முகமே வேற யாரோ மாதிரி ஆகிடும். ஒவ்வொரு தடவையும் ஒரிஜினல் போட்டோவுல இருந்துதான் ஆரம்பிக்கணும். மேல் டிரெஸ், கீழ் டிரெஸ் ரெண்டையும் பெட்ஷீட் மேல ஒண்ணா விரிச்சு, நேர் மேலிருந்து ஒரே படமா எடுத்துக் கொடுத்தா வேலை சுலபம்.

இப்போ கணக்கு. மேலே நாலு: வெள்ளை நீளக் குர்தி, மஞ்சள் குர்தி, கட்டம் போட்ட சட்டை, கறுப்பு டி-ஷர்ட். கீழே மூணு: ஜீன்ஸ், பழுப்பு காட்டன் பேன்ட், பூப்போட்ட பலாஸோ. மொத்தம் 12 ஜோடி. எல்லாத்தையும் வரிசையா வெச்சுப் பார்த்தா, பலாஸோ கறுப்பு டி-ஷர்ட்டோட மட்டும்தான் சேருது. ஒரே ஒரு ஜோடிக்காக பேக்ல அவ்ளோ இடமா? அவுட். மஞ்சளும் பழுப்பும் சேர்ந்தா முகமே வாடித் தெரியுது, அந்த ஜோடியும் போச்சு. மிச்சம் ஏழு.

வெள்ளைக் குர்தி ஜீன்ஸ், பழுப்பு ரெண்டோடவும் படத்துல அழகுதான். ஆனா ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படிக்கு மேல இறங்கி நனையப் போறோம். நனைஞ்ச வெள்ளை காட்டன் எப்படித் தெரியும்னு எந்தப் படமும் காட்டாது. எடுத்து வெச்சுட்டேன். அதே காரணத்துக்காக அருவி நாளுக்கு ஜீன்ஸ் இல்ல, பழுப்பு பேன்ட்தான். மலையில ஜீன்ஸ் காயறதுக்குள்ள ட்ரிப்பே முடிஞ்சிடும்.

ஆக மேலே மூணு, கீழே ரெண்டு, சேர்ற ஜோடி அஞ்சு. நாலு நாளுக்குத் தாராளம். டி-ஷர்ட் மேல கட்டம் போட்ட சட்டையைத் திறந்து விட்டா ராத்திரிக் குளிருக்கும் ஆச்சு. காதுகுத்துக்கு இளம்பிள்ளை சேலை ஒண்ணு தனி. அதை ஆப்ல போட்டும் பார்த்தேன், கொசுவம் இருக்க வேண்டிய இடத்துல ஏதோ பாவாடை மாதிரி வந்துச்சு. சேலையைக் கண்ணாடி முன்னாடி நின்னு பார்த்துக்கோங்க.

ஒரு விஷயம், முழு உயர போட்டோவைப் பேர் தெரியாத இலவச ஆப்ல எல்லாம் ஏத்தாதீங்க. அக்கவுண்ட்ல இருந்து அழிக்க வழி இருக்கான்னு பார்த்துட்டு ஏத்துங்க.

எல்லாம் முடிச்சு அம்மாகிட்ட 12 படத்தையும் காட்டினேன். ஒவ்வொண்ணா தள்ளித் தள்ளிப் பார்த்துட்டு அம்மா கேட்டாங்க: "அருவிக்குப் போறியே, துண்டு எங்கடி?"

துண்டு வெச்சாச்சு. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.